பலகையில் எழுதாத வேலை

ஷிப்ட் மாறும்போது இரவுப் பொறியாளர் முதலில் பார்ப்பது பலகையைத்தான். எந்த விமானத்தில் என்ன வேலை, எது முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதியதை எவரும் படித்துவிடலாம். எழுதாமல் விட்டதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம்.

1991 செப்டம்பரில் அமெரிக்காவின் ஹூஸ்டன் ஹேங்கரில் நடந்தது இதற்கு ஒரு துயரமான சாட்சி. கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்ப்ரேயர் 120 விமானத்தில், வால் இறக்கையின் முன்விளிம்பில் பனியை உடைக்கும் ரப்பர் உறையை மாற்ற வேண்டியிருந்தது. மாலை ஷிப்டில் வலப்பக்க வேலை தொடங்கியது. உதவிக்கு ஏறிய ஆய்வாளர், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இடப்பக்க முன்விளிம்பின் மேல்வரிசை ஸ்க்ரூக்களையும் கழற்றினார். மொத்தம் 47. கழற்றியதற்குத் தனி வேலை அட்டை எதுவும் போடப்படவில்லை.

இரவு ஷிப்டின் ஆய்வாளர் கொஞ்சம் முன்னதாகவே வந்து, மாலைக்காரரின் ஒப்படைப்புத் தாளைப் படித்தார். அந்த விமானத்தைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மாலைக்காரர் அதற்குப் பிறகுதான் தன் குறிப்பை எழுதினார். இரவில் வலப்பக்க உறையை மாற்றி முடித்தார்கள். இடப்பக்க உறையை மாற்றுவது தள்ளிப்போடப்பட்டது. தொடாத பக்கம்தானே என்று யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. வால் உச்சியில் இருக்கும் அந்த மேல்வரிசை, தரையில் நிற்பவர் கண்ணில் படாது.

காலையில் முதல் பயணம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது, ஏனென்றால் கீழ்வரிசை ஸ்க்ரூக்கள் முன்விளிம்பைத் தாங்கிக்கொண்டன. லாரேடோவிலிருந்து திரும்பி வருகையில், விமானம் இறங்கும் நேரத்தில் அது பெயர்ந்தது. மூக்கு செங்குத்தாகக் கீழே திரும்பியது. ஈகிள் லேக் அருகே விழுந்த விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

அன்றிரவு பலகையை ஒருவர் வேறுவிதமாகப் படித்திருக்கலாம். "இரண்டு பக்கமும் செய்வதாகத் திட்டம், இடப்பக்கம் ஏன் நின்றது, நிற்பதற்குள் எவ்வளவு தூரம் போனது?" என்று கேட்டிருக்கலாம். தள்ளிப்போடப்பட்ட வேலை, தொடங்காத வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அதற்கு அட்டை இல்லையென்றால், ஏணி வைத்து ஏறி, அந்த வரிசையை விரலால் தடவிப் பார்ப்பதுதான் வழி. ஸ்க்ரூ இல்லாத துளை விரலுக்கு உடனே தெரியும்.

இன்னொரு பாதுகாப்பு, முதல் ஸ்க்ரூவைத் திருகுமுன் அட்டையைத் திறந்துவிடுவது. வேலையை முடித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தால், அதற்குள் ஷிப்ட் மாறிவிடும். கழற்றிய ஸ்க்ரூக்களைப் போட்ட பையிலும் எந்த விமானம், எந்தப் பக்கம், எத்தனை என்று எழுதிக் கட்டவேண்டும். மூடிய வேலையின் பக்கத்தில் எண்ணிக்கை குறையாத பை ஒன்று கிடந்தால், அங்கே பலகையில் வராத வேலை இருக்கிறது என்று இரவுக்காரருக்குப் புரிந்துவிடும்.