கேட்காமலே விட்ட பணம்

மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டுப் போனவர் பணம் தராவிட்டால், பற்று நோட்டு அதை நினைவுபடுத்தும். பொருளைக் கொடுத்துவிட்டு நோட்டில் எழுதவே மறந்திருந்தால்? எத்தனை முறை புரட்டினாலும் அந்தப் பாக்கி கண்ணில் படாது. மாதச் சந்தாவுக்கு மென்பொருள் விற்கும் நிறுவனங்கள் இழக்கும் பணத்தில் ஒரு பகுதி இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. வாடிக்கையாளர் ஏமாற்றியிருக்க மாட்டார், கார்டும் மறுக்கப்பட்டிருக்காது. அவரிடம் யாரும் பணம் கேட்கவில்லை, அல்லது குறைத்துக் கேட்டார்கள், அவ்வளவுதான். இதை வருவாய்க் கசிவு என்கிறார்கள். தேடிப் பிடிப்பதற்குக் கசிவுத் தணிக்கை என்று பெயர்.

வேலை பழையது. எக்ஸ்சேஞ்சில் பதிவான அழைப்புகளையும் பில்லில் ஏறிய அழைப்புகளையும் தொலைபேசி நிறுவனங்கள் பல காலமாகவே ஒப்பிட்டு வருகின்றன. சந்தா வியாபாரத்தில் அழைப்புகளின் இடத்தில் கூப்பன்களும் தள்ளுபடிகளும் கணக்குகளும் நிற்கின்றன.

எப்படிக் கசிகிறது என்று பார்க்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய கிளினிக்குகளுக்கு முன்பதிவு மென்பொருள் விற்கிறது. ஒரு கிளினிக்குக்கு மாதம் 1,000 ரூபாய். அதைப் பயன்படுத்தும் கிளினிக்குகள் 2,000. வரியை ஒதுக்கிவிட்டால் மாதம் 20 லட்சம் வர வேண்டும். வந்தது 17 லட்சத்து 60 ஆயிரம். அறக்கட்டளைகள் நடத்தும் 200 கிளினிக்குகளுக்கு ஒப்பந்தப்படியே பாதி விலை. அதில் ஒரு லட்சம் போகிறது. அது தெரிந்து கொடுத்தது. மீதி 1 லட்சத்து 40 ஆயிரம் எங்கே?

நிலுவைப் பட்டியலைத் திறந்தால் சுத்தமாக இருக்கிறது. பில் போட்டு வராத பணம் மட்டும்தான் நிலுவையில் தெரியும். அனுப்பிய பில்கள் அனைத்துக்கும் பணம் வந்துவிட்டது.

முதல் துளை கூப்பன். ஸ்ட்ரைப் போன்ற பில்லிங் சேவையில் கூப்பன் ஒன்றை உருவாக்கும்போது இரண்டு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எந்தத் தேதி வரை இதைப் பயன்படுத்தலாம் என்பது ஒன்று. அதற்கான புலம் `redeem_by`. பயன்படுத்தியவருக்குத் தள்ளுபடி எத்தனை காலம் நீடிக்கும் என்பது இன்னொன்று, அது `duration`. ஒரே ஒரு பில்லுக்கு என்றால் `once`, குறிப்பிட்ட மாதங்களுக்கு என்றால் `repeating`, எப்போதைக்கும் என்றால் `forever`. தீபாவளிச் சலுகையாக 30 சதவீதத் தள்ளுபடி தரும் மார்க்கெட்டிங் ஊழியர், கடைசித் தேதி நவம்பர் 15 என்று கவனமாகக் குறிக்கிறார். காலம் கேட்கும் இடத்தில் `forever` என்று விட்டுவிடுகிறார். அவர் மனதில் சலுகை நவம்பர் 15-ல் முடிந்துவிட்டது. கணினியைப் பொறுத்தவரை அன்று முடிந்தது புதிதாகச் சேர்பவர்களுக்கான கதவு மட்டும். ஏற்கெனவே உள்ளே வந்தவர்களுக்குத் தள்ளுபடி சாகும்வரை உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆறு மாதம் கழித்து யாரோ பழைய கூப்பன்களைச் சுத்தம் செய்கிறார். காலாவதியானது என்று அந்தக் கூப்பனை அழித்துவிடுகிறார். ஸ்ட்ரைப்பில் கூப்பனை அழித்தாலும் அதை ஏற்கெனவே பெற்ற வாடிக்கையாளரின் தள்ளுபடி போகாது. இப்போது கூப்பன் பட்டியலிலும் அது இல்லை, பில்லில் மட்டும் மாதாமாதம் 300 ரூபாய் கழிந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் விவரம் தெரிந்த தணிக்கையாளர் கூப்பன் பட்டியலில் தொடங்க மாட்டார். கடைசியாகப் போன பில்களில் தள்ளுபடி வரி இருப்பவற்றை எல்லாம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'இதைக் கொடுத்தது யார், எதற்கு, எப்போது வரை' என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போவார். நம் நிறுவனத்தில் அப்படிச் சிக்கியவை 260 கிளினிக்குகள். மாதம் 78 ஆயிரம் ரூபாய்.

மறந்துபோன தள்ளுபடி இதற்குப் பக்கத்து வீடு. ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. கோபமாக அழைத்த 40 கிளினிக்குகளுக்கு வாடிக்கையாளர் சேவைப் பிரிவினர் சமாதானமாகப் பாதி விலை போட்டுக் கொடுத்தார்கள். இரண்டு மாதத்துக்கு என்று வாய்ச்சொல். கணினியில் முடிவுத் தேதி இல்லை. போட்டவர் வேறு வேலைக்குப் போய்விட்டார். மாதம் 20 ஆயிரம்.

எனக்கு மிகவும் சுவாரசியமாகப் படுவது மூன்றாவது வகை: உயிரோடு இருக்கும், ஆனால் பில் போகாத கணக்குகள். இதில் இரண்டு இனம் உண்டு. ஸ்ட்ரைப்பில் `pause_collection` என்றொரு வசதி இருக்கிறது. வாடிக்கையாளர் பணக் கஷ்டத்தில் இருந்தால் வசூலை மட்டும் நிறுத்தி வைக்கலாம். எப்போது மீண்டும் தொடங்க வேண்டும் என்று தேதி கொடுக்காவிட்டால் காலவரையின்றி நின்றுவிடும். அப்போதும் சந்தாவின் நிலை `active` என்றேதான் காட்டும். விற்பனைப் பிரிவின் அறிக்கையில் அந்தக் கிளினிக் செயலில் உள்ள வாடிக்கையாளர். எண்ணிக்கையில் சேரும், பெருமையிலும் சேரும், பணத்தில் மட்டும் சேராது. நூறு சதவீதத் தள்ளுபடியும் இதே கண்கட்டு வித்தைதான். அங்கே மாதாமாதம் பில் போகும், தொகை பூஜ்யம். செலுத்த ஒன்றுமில்லாததால் 'செலுத்தப்பட்டது' என்று தானாகவே குறிக்கப்பட்டுவிடும். நம் கதையில் வசூல் நிறுத்தப்பட்டு மறக்கப்பட்டவை 22.

இன்னொரு இனம் பில்லிங் கணினிக்குள் நுழையவே இல்லை. விற்பனையாளர் ஒருவர் 'முதலில் பயன்படுத்திப் பாருங்கள் டாக்டர், பில் அப்புறம் அனுப்புகிறோம்' என்று கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார். சந்தாவை ரத்து செய்தபோது உள்நுழையும் அனுமதியை நீக்க மறந்திருப்பார்கள். இவற்றைப் பில்லிங் கணினிக்குள் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. மென்பொருளின் சொந்தத் தரவுத்தளத்திலிருந்து, கடந்த 30 நாளில் யாரெல்லாம் உள்ளே வந்தார்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொண்டு, அதைச் சந்தாப் பட்டியலோடு ஒட்ட வைத்து, எதிரே ஆளில்லாத வரிகளைப் பொறுக்க வேண்டும். தணிக்கையின் உயிர்நாடியே இந்த ஒட்டவைப்புதான். பயன்படுத்துகிறவர் பட்டியலில் 2,000, சந்தாவில் 1,980. இருபது பேர் எதிரே யாருமில்லை.

ஒட்டவைப்பதில்தான் சறுக்கலும். பெரும்பாலானோர் மின்னஞ்சல் முகவரியை வைத்து இரு பட்டியல்களையும் பொருத்தப் பார்ப்பார்கள். மென்பொருளில் டாக்டரின் முகவரி இருக்கும், பில்லில் அவருடைய கணக்காளரின் முகவரி இருக்கும். உடனே நூறு 'திருடர்கள்' கிடைத்துவிடுவார்கள், எல்லோரும் ஒழுங்காகப் பணம் கட்டுகிறவர்கள். கணக்கு திறக்கும் நாளிலேயே பில்லிங் கணினியின் வாடிக்கையாளர் எண்ணை மென்பொருளின் பதிவில் எழுதி வைத்திருந்தால்தான் இந்தப் பொருத்தம் நம்பகமாக இருக்கும். ஆண்டுச் சந்தா இன்னொரு பொறி. போன மாதம் பில் போகாதவர்கள் யார் என்று கேட்டால், ஜனவரியில் முழு ஆண்டுக்கும் கட்டியவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்பார்கள். எனவே ஒரு மாதத்தைப் பார்க்காமல், கடைசிப் பில் எந்தத் தேதி வரைக்கானது என்று பார்ப்பது நல்லது.

பட்டியல் கிடைத்ததும் 1 லட்சத்து 40 ஆயிரத்தை 12-ஆல் பெருக்கி, ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் மீட்டோம் என்று மேலிடத்துக்கு அறிக்கை போடும் ஆசை வரும். அடக்கிக்கொள்ள வேண்டும். பெயர் பெயராகப் பார்த்தால் அந்தத் தொகை கரையும். இருபது அநாதைக் கணக்குகளில் 11 நிறுவனத்தின் சொந்தச் சோதனைக் கணக்குகள், உண்மையான கிளினிக்குகள் ஒன்பதுதான். வசூல் நின்ற 22-ல் ஐந்து கிளினிக்குகள் மூடப்பட்டுவிட்டன. வரவேற்பறைக் கணினியில் விட்டுப்போன ஏதோ ஒன்று உள்ளே வந்துகொண்டிருக்கிறது. தீபாவளிக் கூப்பனின் 260 பேரில் 60 பேருக்கு 'இந்த விலை உங்களுக்கு என்றும் மாறாது' என்று விற்பனைப் பிரிவே மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. கணினியில் தவறு, காகிதத்தில் வாக்குறுதி. அவர்களைத் தொடக் கூடாது. இப்போது மிஞ்சுவது 200 பேரின் 60 ஆயிரம், சமாதானத் தள்ளுபடியின் 20 ஆயிரம், வசூல் நின்ற 17 பேரின் 17 ஆயிரம், பில்லே காணாத ஒன்பது பேரின் 9 ஆயிரம். ஆக 1 லட்சத்து 6 ஆயிரம்.

இதுவும் கைக்கு வந்த பணமல்ல. இரண்டு வருடமாக 700 ரூபாய் கட்டி வந்த டாக்டருக்கு, திடீரென 1,000 ரூபாய் எடுக்கப்பட்டால் அது விலையேற்றம். சலுகை எப்போதோ முடிந்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் சொந்தக் கதை, அவருக்கு அதில் அக்கறை இல்லை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த 200 பேரும் இன்று சேர்ந்து தருவது 1 லட்சத்து 40 ஆயிரம். முழு விலைக்கு மாற்றியபின் 140 பேர் தங்கினாலே அதே தொகை வந்துவிடும். அறுபது பேர் வரை போனால் நஷ்டமில்லை, அதற்குமேல் போனால் தணிக்கை செய்ததே வீண். பாதி விலையில் இருக்கும் 40 பேரில் 20 பேர் போனாலும் கணக்குச் சமன். தள்ளுபடி பெரிதாக இருந்தால் இழப்பைத் தாங்கும் சக்தியும் அதிகம் என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது. அதனால் பெரிய தள்ளுபடியில் தொடங்கி, 30 அல்லது 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து, ஒரு சிறு குழுவுக்கு மட்டும் முதலில் மாற்றி, எத்தனை பேர் விலகுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் போக வேண்டும்.

பழைய பாக்கியைக் கேட்கலாமா என்ற கேள்வி கட்டாயம் எழும். நம் நாட்டில் கடன் தொகைக்கு வழக்கு போடும் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள் என்பதைக் காட்டி, கேட்கலாம் என்பவர்கள் உண்டு. ஆனால் தானே கழித்து, தானே பில் அனுப்பி, தானே 'செலுத்தப்பட்டது' என்று ரசீதும் கொடுத்த தொகையை எந்த முகத்தோடு திரும்பக் கேட்பது? பில்லே போகாத அந்த ஒன்பது பேரிடம் வேண்டுமானால் பேசிப் பார்க்கலாம். அங்கேயும் 'அப்புறம் அனுப்புகிறோம்' என்றது யார் என்பது முதலில் தெரிய வேண்டும்.

துளை அடைப்பது தேடுவதைவிட எளிது. `forever` கூப்பனை உருவாக்க இன்னொருவரின் ஒப்புதல் வேண்டும் என்று வைப்பது, கையால் போடும் தள்ளுபடிக்கு முடிவுத் தேதியையும் காரணத்தையும் கட்டாயமாக்குவது, வசூல் நிறுத்தத்துக்குத் திரும்பும் தேதி இல்லாமல் சேமிக்க விடாதது. இத்துடன் மாதம் ஒருமுறை அந்த ஒட்டவைப்பை ஓட்டி, எதிரே ஆளில்லாத வரிகளை ஒரு குறிப்பிட்ட மனிதரின் பெயருக்கு அனுப்ப வேண்டும். 'ஃபைனான்ஸ் டீம்' என்ற பொது முகவரிக்கு அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள்.