ரமளான் அலங்கார விளக்குகளுக்கு ஒரு டைமர்

ரமளானில் பள்ளிவாசல் மனாராவில் கட்டும் சீரியல் விளக்குகளை மஃரிபுக்குப் போடுகிறோம். தராவீஹ் முடிந்து ஜமாஅத்தார் வீடு திரும்பிய பிறகும் அவை ஃபஜ்ர் வரை எரிகின்றன. ஆளில்லாத தெருவில் அது வீண்விரயம்தான்.

10 வாட் சரங்கள் 40 கட்டியிருந்தால் மொத்தம் 400 வாட். இரவுக்கு 11 மணி நேரம் எரிந்தால் 4.4 யூனிட், 30 இரவுகளுக்கு 132 யூனிட். மாலை 6.30 முதல் 10.30 வரையும், ஸஹருக்காக 4 முதல் 5 வரையும் மட்டும் எரிந்தால் 60 யூனிட் போதும்.

இதற்குச் சக்கர டைமர் போதுமானது. 96 பற்கள் உள்ள சக்கரத்தில் ஒவ்வொரு பல்லும் கால் மணி நேரம். ஆகவே மாலைக்கு 16 பற்களையும் ஸஹருக்கு 4 பற்களையும் அழுத்தி, சக்கரத்தைத் திருப்பி அப்போதைய நேரத்தை அம்புக்குறிக்கு நேரே வைக்க வேண்டும்.

மின்தடை வந்தால் இச்சக்கரமும் நின்றுவிடும். அரை மணி நேரம் மின்சாரம் போனால், அதன்பின் விளக்குகள் தினமும் அரை மணி தாமதமாகவே எரிந்து, தாமதமாகவே அணையும். அப்படித் தெரிந்தால் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சக்கரத்தைத் திருப்பிவிடுங்கள்.

மின்தடை அதிகமுள்ள ஊரில், வைஃபை இருந்தால், ஸ்மார்ட் பிளக் நல்லது. நேரங்களைச் செல்போனில் ஒருமுறை பதிந்தால் போதும். மின்சாரமும் இணையமும் திரும்பியதும் அது தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும். இரண்டில் எதுவானாலும் மழை படாமல் கட்டடத்துக்குள்ளேயே பொருத்துங்கள்.