குளிராக அடைப்பதா, சூடாக அடைப்பதா?

அந்த மேல் முன்பல்லின் எக்ஸ்ரேயில் வேர்க்குழாய் நேராக இறங்கி, நடுவேரில் மட்டும் பானை வயிறு போல வீங்கியிருந்தது. முப்பது வயதுப் பெண். பள்ளி நாளில் ஊஞ்சல் பட்டு அடிபட்ட பல் அது. உள்ளிருக்கும் சதை பல்லின் சுவரையே மெல்ல அரித்துவிட்டது. வலி எதுவும் இல்லாததால் இத்தனை ஆண்டுகள் தெரியவில்லை. சதையை எடுத்து, குழாயைக் கழுவி, இரண்டு வாரம் மருந்து வைத்து முடித்தாயிற்று. இனி அடைக்க வேண்டியதுதான். பக்கத்தில் நின்ற முதுநிலை மாணவி கேட்டாள்: "மேடம், லேட்டரல்லயே போட்டுடலாமா?"

கேட்டதில் தப்பில்லை. எல்லோரும் முதலில் கற்றுக்கொள்வது அதைத்தான். கட்டா பெர்ச்சா என்பது மலாய் நாட்டு மரப்பாலில் இருந்து வந்த ரப்பர் போன்ற பொருள். அதில் செய்த மெல்லிய குச்சியைக் கோன் என்போம். குழாயின் முழு நீளத்துக்கும் போய், வெளியே இழுத்தால் லேசாகப் பிடிக்கிற கோன்தான் மாஸ்டர் கோன். சீலர் பசை தடவி அதை உள்ளே வைத்த பின், ஸ்ப்ரெடர் என்ற கூரான கருவியை அதன் பக்கத்தில் செலுத்தி, கோனைச் சுவரோடு ஒதுக்க வேண்டும். ஸ்ப்ரெடர் வேர் நுனிக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் முன்பு வரை போக வேண்டும். அது விட்டுவந்த இடத்தில் ஒரு சின்னக் கோன், பிறகு மறுபடி ஸ்ப்ரெடர், மறுபடி கோன். ஸ்ப்ரெடர் வாய்ப்பகுதியைத் தாண்டாத அளவுக்குக் குழாய் நிறைந்ததும், வெளியே நீட்டியிருப்பதைச் சூடான கருவியால் வெட்டி எடுக்கிறோம்.

இதன் பெரிய பலம் நீளம் கைக்குள் இருப்பது. மாஸ்டர் கோன் எங்கே நிற்கிறதோ அங்கேயே நிற்கும். ஆனால் இப்படி அடைத்த, பிடுங்கிய பல் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். கோன்கள் ஒன்றாகி இருக்காது. விறகுக்கட்டு போல ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். இடையில் இருப்பது சீலர், அதுவும் இல்லாத இடத்தில் வெற்றிடம். சீலர் நாளடைவில் கரையக்கூடியது. பானை வயிற்றுக்குள் கோன் வளைந்து போகாது. அங்கே சீலர் மட்டுமே தேங்கும். அதை ஈடுகட்ட ஸ்ப்ரெடரைப் பலமாக அழுத்தினால், ஏற்கெனவே மெலிந்த வேர் நெடுக்காகப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த முன்பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும்.

கட்டா பெர்ச்சாவை இளக்கி மேலிருந்து அழுத்தும் முறையை 1967-இல் விரிவாக எழுதி நிலைநிறுத்தியவர் பாஸ்டனைச் சேர்ந்த ஹெர்பர்ட் ஷில்டர். இளகிய பொருள் போகும் இடமெல்லாம் பரவும் என்பதுதான் அதன் அடிப்படை. அந்தப் பெண்ணுக்கு அதைத்தான் செய்தோம்.

குழாயின் நீளம் 22 மில்லிமீட்டர். சூட்டில் கோன் கொஞ்சம் கீழே நகரும் என்பதால், அதை 21.5-இல் நிற்கும்படி பொருத்தி எக்ஸ்ரே எடுத்தோம். பிளக்கர் என்ற தட்டை முனைக் கருவி 17-க்கு மேல் போகாதபடி அதில் ரப்பர் வளையம் மாட்டினோம். 200 டிகிரிக்குச் சூடாகும் பிளக்கரை மூன்று நான்கு விநாடி மட்டும் செலுத்தி, வளையம் பல்லைத் தொடுவதற்குச் சற்று முன்பே சூட்டை நிறுத்திவிட்டு, அழுத்தத்தை மட்டும் பத்து விநாடி விடாமல் வைத்தோம். கட்டா பெர்ச்சா ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்தைச் சரிசெய்வது இந்தப் பத்து விநாடிதான். அவசரப்பட்டுக் கையை எடுப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள். பிறகு ஒரு விநாடி சூடு கொடுத்து, பிளக்கரை விடுவித்து எடுத்தோம். நுனியில் ஐந்து மில்லிமீட்டர் அடைப்பு நின்றது. அதற்கு மேலே இளகிய கட்டா பெர்ச்சாவை ஊசித் துப்பாக்கியால் இரண்டு மூன்று மில்லிமீட்டராக விட்டு, ஒவ்வொரு முறையும் குளிர்ந்த பிளக்கரால் அழுத்தினோம். வீக்கம் முழுதும் எக்ஸ்ரேயில் வெள்ளையாக நிரம்பியது.

நேரத்தை எண்ணிச் சூடு வைப்பதற்குக் காரணம் உண்டு. எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே பழுதாகக்கூடும். அதாவது உடல் வெப்பத்துக்கு மேல் பத்து டிகிரிதான் இடம். வேர்ச்சுவர் மெலிந்த இடத்தில் சூடு சீக்கிரம் வெளியே போய்விடும்.

சூடான முறையின் இன்னொரு குறை நுனியைத் தாண்டி வழிவது. எக்ஸ்ரேயில் வேருக்கு வெளியே வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2007-இல் வெளியான அலசலில், சிகிச்சைக்குப் பின் வரும் வலியிலும் நீண்ட நாள் பலனிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இந்த வழிதல் சூடான முறையில் அதிகம். குளிர் முறையின் குறை கோன்களுக்கு நடுவே கறுப்புக் கோடாகத் தெரியும். அதுவும் எக்ஸ்ரே பக்கவாட்டைக் காட்டும் அளவுக்குத்தான். முன்னுக்குப் பின் உள்ள வெற்றிடம் அதில் மறைந்துவிடும்.

ஆகவே நேரான, வட்டமான, ஒழுங்காகக் குறுகும் குழாய்க்கு என் தேர்வு இன்றும் குளிர் முறைதான். வீக்கமோ, தட்டையான குழாயோ, கிளைக்குழாயோ இருந்தால் சூடு. நுனி வளராமல் அகலத் திறந்திருக்கும் பல்லில் இரண்டையும் நேரடியாகத் தொடாதீர்கள், முதலில் எம்.டி.ஏ. சிமெண்டால் நுனியை அடைத்துவிட்டு, பிறகு மேலே நிரப்புங்கள்.