வேலை இல்லை என்று சொல்ல வேண்டியவர்

டீம் லீட் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆறு மாத புரொபேஷனில் இருக்கும் ஓர் இளைஞரை நிரந்தரமாக்க முடியாது என்று நிர்வாகம் முடிவெடுத்துவிட்டது. அதைச் சொல்ல வேண்டியவர் இவர். சென்னை ஐ.டி. அலுவலகங்களில் அடிக்கடி நடப்பதுதான். ஆனால் தினமும் சேர்ந்து சாப்பிட்டவர், அந்த இளைஞரின் வீட்டுக் கடன் வரை தெரிந்தவர். எப்படித் தூக்கம் வரும்?

கெட்ட செய்தி என்றால் மனிதர்கள் வாய் திறக்கத் தயங்குவதை 1970-ல் அமெரிக்க உளவியலாளர்கள் சிட்னி ரோஸன், ஆபிரகாம் டெசர் இருவரும் ஆராய்ந்து எழுதினார்கள். நம் லீடும் அப்படித்தான். இளைஞர் எழுதிய கோடை இரவில் தானே உட்கார்ந்து திருத்தினார். கேட்டால், “பரவாயில்லை, போகப் போகச் சரியாயிடும்” என்றார். அன்று அது இரக்கமாகத் தெரிந்தது. ஆனால் திருத்திக்கொள்ள வேண்டிய மாதங்கள் அதில்தான் போயின.

அதனால் மனம் குத்தும்போது முதலில் கேட்க வேண்டியது இதுதான்: குறை என்ன, எதற்குள் சரியாக வேண்டும் என்று மூன்றாவது மாதமே தெளிவாகச் சொன்னேனா? சொல்லவில்லை என்றால் அந்த உறுத்தல் நியாயமானது, அதற்கு இன்னும் வேலை இருக்கிறது. “தவறு என் பக்கமும் இருக்கிறது, புரொபேஷனை மூன்று மாதம் நீட்டியுங்கள்” என்று ஹெச்.ஆரிடம் எழுதிக் கேட்கலாம். கிடைக்காமலும் போகலாம், ஆனாலும் கேட்க வேண்டும். சொல்லியிருந்தால், இப்போது மனதில் இருப்பது வருத்தம். அது குற்றம் ஆகாது.

சொல்லும் நாளில் கதவு மூடிய அறை வேண்டும். நலம் விசாரித்துச் சுற்றி வளைக்காமல், “உங்க வேலையை கன்ஃபர்ம் பண்ணலைன்னு முடிவாயிருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும்தான் வேலை” என்பதே முதல் பேச்சாக இருக்கட்டும். பிறகு பேசாமல் இருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். அந்த மௌனம் தாங்காமல், “எனக்கும் ரொம்பக் கஷ்டமா இருக்கு, என் கையில எதுவும் இல்லை” என்று ஆரம்பித்துவிடுவார்கள். வேலை இழந்தவரே, “பரவாயில்லை சார்” என்று மேலாளரைத் தேற்றும்படி ஆகிவிடும். “இன்னொரு தடவை பேசிப் பார்க்கிறேன்” என்பது அதைவிடக் கொடுமை. இல்லாத நம்பிக்கையோடு அவர் வீட்டுக்குப் போவார்.

அக்கறையைக் காட்டப் பிறகு நிறைய இடம் இருக்கிறது. ரிலீவிங் லெட்டர் கடைசி நாளில் கைக்கு வருகிறதா, ஃபைனல் செட்டில்மென்ட் எப்போது வரும் என்று லீடே ஹெச்.ஆரிடம் நின்று கேட்கலாம். அந்தக் கடிதம் இல்லாமல் அடுத்த நிறுவனத்தின் சரிபார்ப்பில் சிக்கிக்கொள்பவர்கள் உண்டு. எந்த வேலையை அவர் நன்றாகச் செய்தார் என்பதைக் குறித்து வைத்துக்கொண்டால், நாளை யாராவது அவரைப் பற்றி விசாரிக்கும்போது உண்மையான இரண்டு வார்த்தை சொல்ல முடியும்.