ஒரு கோடு 5ஜி, நான்கு கோடு 4ஜி

போனில் 5ஜி என்று காட்டுகிறது, வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஊர் எல்லையில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன எரிச்சல். இந்தியாவில் 5ஜி பெரும்பாலும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வருகிறது. வேகம் அதிகம், ஆனால் கோபுரத்திலிருந்து தள்ளிப்போனாலோ கான்கிரீட் சுவர் குறுக்கிட்டாலோ சீக்கிரம் பலமிழக்கும். 4ஜிக்குத் தாழ்ந்த அலைவரிசைகளும் உண்டு. அவை உள்ளறைவரை எட்டும்.

திண்ணையில் 5ஜி கிடைத்து, படுக்கையறையில் நழுவுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போன் இரண்டுக்கும் இடையே தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலிலும் டேட்டா சற்று தடைபடும். பலவீனமான சிக்னலில் கோபுரத்தை எட்ட, போன் கூடுதல் சக்தியுடன் அலையை அனுப்ப வேண்டும். பேட்டரி கரைவதும் போன் சூடாவதும் இதனால்தான். பல இடங்களில் 5ஜி இணைப்பு 4ஜியைத் துணைக்கு வைத்தே இயங்குவதால், இரண்டு ரேடியோக்களும் சேர்ந்து உழைக்கின்றன.

சோதிப்பது எளிது. வழக்கமாக உட்காரும் இடத்திலேயே இரண்டிலும் வேகத்தை அளந்து பாருங்கள். பதிவேற்ற வேகத்தையும் கவனியுங்கள், சிக்னல் குறைந்தால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அதுதான். 4ஜி நிலையாக இருந்தால், ஆண்ட்ராய்டில் சிம் அமைப்புக்குள் Preferred network type என்பதில் LTE-ஐத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பல ரீசார்ஜ் திட்டங்களில் 5ஜிக்குத்தான் வரம்பில்லை; 4ஜிக்கு மாறினால் தினசரி ஜிபி கணக்கு ஓடத் தொடங்கும்.