முப்பது மில்லி பாட்டிலுக்கு எவ்வளவு தண்ணீர்?

குழந்தைக்குக் காதுவலி, சளி என்று போனால் டாக்டர் அடிக்கடி எழுதித் தரும் ஆன்டிபயாடிக்குகளில் ஒன்று அமாக்சிசிலினும் கிளாவுலனிக் அமிலமும் சேர்ந்த மருந்து. மருந்துக் கடையில் அது பவுடராகத்தான் கிடைக்கும். தண்ணீர் பட்டதுமே கிளாவுலனிக் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையத் தொடங்கிவிடும் என்பதால், கலக்கும் வேலையை நம்மிடம் விட்டுவிட்டார்கள்.

பாட்டிலில் 30 மில்லி என்று போட்டிருப்பதைப் பார்த்து 30 மில்லி தண்ணீரை அளந்து ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அந்த 30 என்பது கலந்த பிறகு வரவேண்டிய மொத்த அளவு. பவுடரும் இடம் பிடிக்கும் அல்லவா? 30 மில்லி தண்ணீர் விட்டால் மருந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும். ஒவ்வொரு வேளையும் குழந்தைக்குக் குறைவான மருந்தே போகும். அட்டையில் ‘5 மில்லியில் 200 மில்லிகிராம் அமாக்சிசிலின்’ என்று இருந்தால், தண்ணீர் சரியாக இருந்தால்தான் அந்தக் கணக்கு நிற்கும்.

கலக்குவதற்கு முன் மூடியைத் திறக்காமல் பாட்டிலை உள்ளங்கையில் தட்டி, அடியில் ஒட்டிய பவுடரை உதிர்த்துவிடுங்கள். உதிராமல் கட்டிகட்டியாக இருந்தால் உள்ளே ஈரம் போயிருக்கலாம். அதைக் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். கொதிக்கவைத்து நன்றாக ஆறவைத்த தண்ணீரைக் கோட்டுக்கு (சில பாட்டில்களில் அம்புக்குறி) கொஞ்சம் கீழே வரை விட்டு, மூடிக் குலுக்கவும். நுரை அடங்கும்வரை பொறுத்திருங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். நுரையையும் மருந்தாக எண்ணிக் கோட்டைப் பார்த்தால் கணக்கு தப்பும். நுரை இறங்கியதும் கோடு வரை தண்ணீர் விட்டு மறுபடியும் குலுக்கினால் முடிந்தது. பெட்டியிலேயே தண்ணீர்க் குப்பி இருந்தால், அதை லேபிளில் சொன்னபடி பயன்படுத்துங்கள். ஒரு வேளை கொடுத்த பிறகு, மட்டம் குறைந்துவிட்டதே என்று மேலும் தண்ணீர் விடவே கூடாது.

அளப்பதற்குச் சமையலறை ஸ்பூன் உதவாது. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. பாலாடையும் அப்படித்தான். மருந்துக் கடையில் கிடைக்கும், ஊசியில்லாத, வாய்வழி மருந்துக்கான சிரிஞ்ச்தான் நல்லது. மூடியில் அளப்பதானால், அதை மேசையில் வைத்து, கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்து பாருங்கள். மருந்து அடியில் தங்கிவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாட்களில் நீர்த்த மருந்தும் கடைசியில் கெட்டியான மருந்தும் போய்ச் சேரும். சிரிஞ்சைத் தொண்டைக்கு நேராகப் பீய்ச்சாமல், கன்னத்தின் உட்பக்கமாக வைத்து மெதுவாக விடுங்கள்.

டாக்டர் 4 மில்லி வீதம் காலையும் இரவும், 5 நாளைக்கு எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 மில்லி. அதனால் இரண்டு பாட்டில் தருவார்கள். இரண்டையும் ஒரேயடியாகக் கலக்க வேண்டாம். ஒரு பாட்டிலில் 7 வேளை போகும், அதாவது மூன்றரை நாள். அடியில் சுமார் 2 மில்லி மிஞ்சும். எட்டாவது வேளைக்குத்தான் இரண்டாவதைக் கலக்க வேண்டும். முதல் பாட்டில் இரண்டாம் நாளே காலியானால் அதிகமாக அளந்திருக்கிறீர்கள், அல்லது தண்ணீர் குறைவாக விட்டிருக்கிறீர்கள். நான்காம் நாள் இரவும் தீராமல் நிறைய இருந்தால் தண்ணீர் கூடியிருக்கும், இல்லையென்றால் வேளை தவறியிருக்கும். எதுவானாலும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கலந்த மருந்தை ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரிக்குள், நடுத்தட்டில் வைக்க வேண்டும். கதவில் வைத்தால் திறக்கும்போதெல்லாம் சூடேறும். ஃப்ரீசரில் வைத்து உறையவைக்கவும் கூடாது. பொதுவாக 7 நாள் தாங்கும். கலந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதிவிடுங்கள். வெள்ளையாக இருந்தது நன்றாக மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறினால் கொடுக்காதீர்கள். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லையென்றால் மருந்து எழுதும்போதே டாக்டரிடம் சொல்வது நல்லது. எல்லா ஆன்டிபயாடிக்குக்கும் குளிர்ச்சி தேவையில்லை. கிளாரித்ரோமைசின் கலவையை ஃபிரிட்ஜில் வைக்கவே கூடாது.

காலை 8 மணி மருந்து மறந்துபோய் 11 மணிக்கு நினைவு வந்தால், உடனே கொடுத்துவிட்டு இரவு 8 மணிக்கு வழக்கம்போல அடுத்ததைக் கொடுக்கலாம். மாலை 6 மணிக்குத்தான் நினைவு வந்தது என்றால் அந்த வேளையை விட்டுவிடுங்கள். விட்டதையும் சேர்த்து 8 மில்லியாகக் கொடுப்பது தவறு. வயிற்றுப்போக்கும் வாந்தியும்தான் கூடும். மருந்து குடித்த அரை மணிக்குள் குழந்தை வாந்தியெடுத்தால் அதே அளவை ஒருமுறை திரும்பக் கொடுக்கலாம். அரை மணி கடந்த பிறகு என்றால் அடுத்த வேளைவரை காத்திருங்கள். மறுபடி கொடுத்ததும் வெளியே வந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும். உடம்பில் தடிப்போ முகவீக்கமோ மூச்சுத்திணறலோ வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.