உஷார்! ஒரே சம்பளம், இரண்டு கடிதம்... பேசிக் வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்!

அண்ணனூரில் ரயிலேறி அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறவரா நீங்கள்? அடுத்த கம்பெனியில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டதா? அதில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். ‘சிடிசி’ என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும் தொகை உங்கள் சம்பளம் அல்ல. உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு அது. அதைப் பேசிக், எச்ஆர்ஏ, ஸ்பெஷல் அலவன்ஸ் என்று எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதுதான் மாதக் கடைசியில் கைக்கு வருவதைத் தீர்மானிக்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 ரூபாய் சிடிசி என்று இரண்டு நிறுவனங்கள் உங்களுக்குக் கடிதம் தருகின்றன. ஏற்கெனவே ஒரு வேலையில் இருந்ததால் உங்களுக்கு யூஏஎன் எண் இருக்கிறது. பிஎஃப், பென்ஷன் இரண்டிலும் உறுப்பினர்.

முதல் கடிதம்: பேசிக் 20,000. எச்ஆர்ஏ 10,000. நிறுவனத்தின் பிஎஃப் பங்கு, பேசிக்கில் 12 சதவீதம், 2,400. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஒதுக்குவது 962. மிச்சம் 6,638 ரூபாய் ஸ்பெஷல் அலவன்ஸ். உங்கள் பங்கு பிஎஃப் 2,400 போக, கையில் வருவது 34,238.

இரண்டாவது கடிதம்: பேசிக் 10,000. எச்ஆர்ஏ 5,000. நிறுவனத்தின் பிஎஃப் 1,200. பணிக்கொடை 481. மிச்சம் 23,319 ரூபாய் முழுக்க ஸ்பெஷல் அலவன்ஸ். உங்கள் பிஎஃப் 1,200 போக, கையில் 37,119.

மாதம் 2,881 ரூபாய் வித்தியாசம். “எங்ககிட்ட டேக் ஹோம் நல்லா வரும் சார்” என்று எச்.ஆர். சொல்வது பொய்யில்லை. ஆனால் நிறுவனம் கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் போடவில்லை. இரண்டு இடத்திலும் கூட்டிப் பார்த்தால் அதே 40,000தான் வரும். பிஎஃப் கணக்குக்கும் பணிக்கொடைக்கும் போக வேண்டியதை ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயரில் உங்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

‘கையில் வந்தால் நல்லதுதானே?’ என்று தோன்றும். மூன்று இடங்களில் அடி விழும்.

முதல் அடி பென்ஷனில். பிஎஃப்போடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில், கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு 15,000 ரூபாய். 30 வருடம் வேலை பார்த்தவருக்கு 15,000 கணக்கில் மாதம் சுமார் 6,428 ரூபாய் வரும். பேசிக் 10,000 என்றே பதிவாகியிருந்தால் 4,285தான்.

இரண்டாவது அடி குடும்பத்துக்கு. பணியில் இருக்கும்போது உறுப்பினர் இறந்தால் பிஎஃப் அலுவலகம் தரும் இன்ஷூரன்ஸ் தொகையும் இதே சம்பளத்தை வைத்துத்தான்: சராசரி மாதச் சம்பளத்தைப் போல 35 மடங்கு, அதன்மேல் கணக்கு இருப்பைப் பொறுத்து 1.75 லட்சம் வரை. 15,000 என்றால் அதிகபட்சம் 7 லட்சம். 10,000 என்றால் 5.25 லட்சத்தைத் தாண்டாது. இந்தக் காப்பீட்டுக்கு உங்கள் சம்பளத்தில் ஒரு பைசாகூடப் பிடிப்பதில்லை. பிரீமியம் முழுக்க நிறுவனத்தினுடையது. அதனாலேயே இது குறைந்து கிடப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

மூன்றாவது, பணிக்கொடை. ஐந்து வருடம் முடித்து விலகினால், கடைசி பேசிக்கை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடக் கணக்கால் பெருக்குவார்கள். பேசிக் 20,000 என்றால் 57,692 ரூபாய். 10,000-ஐ மட்டுமே கணக்கில் எடுத்தால் அதில் சரிபாதி. இங்கே முதல் கடிதத்திலும் ஒரு கண்ணி உண்டு. நிரந்தரப் பணியாளர் ஐந்து வருடத்துக்கு முன்பே வேலையை விட்டால், சிடிசியில் மாதாமாதம் காட்டிய அந்த 962 ரூபாய் பொதுவாக அவர் கைக்கு வராது. இரண்டு வருடத்துக்கொரு தடவை வேலை மாறுகிறவர்கள் சிடிசியிலிருந்து அதைக் கழித்துவிட்டே பேரம் பேச வேண்டும்.

இதையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, அந்த 37,119 நிலைக்காது என்பது!

2019 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. மேற்கு வங்கத்தின் விவேகானந்தா வித்யாமந்திர் பள்ளி வழக்கு என்று அதற்குப் பெயர். அதோடு சேர்த்து விசாரித்த வழக்குகளில் ஒன்று, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கண்ணாடி ஆலை நடத்தும் செயின்ட் கோபைன் நிறுவனத்தினுடையது. ஊழியர் எல்லோருக்கும் ஒரேமாதிரி வழக்கமாகக் கொடுக்கும் அலவன்ஸை என்ன பெயர் வைத்து அழைத்தாலும் அது அடிப்படைச் சம்பளத்தில் அடக்கம், அதற்கும் பிஎஃப் கட்ட வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். கூடுதல் உற்பத்திக்குத் தரும் ஊக்கத்தொகை போன்றவற்றுக்கு விலக்கு.

இரண்டாவது கடிதத்தை இந்தத் தராசில் வையுங்கள். 23,319 ரூபாய் ஸ்பெஷல் அலவன்ஸ் எந்த விசேஷ வேலைக்காகவும் தருவதல்ல. பேசிக்கோடு சேர்த்தால் 15,000-ஐத் தாண்டிவிடும். ஆகவே உங்களைப் போல ஏற்கெனவே உறுப்பினராக இருப்பவருக்குக் குறைந்தது 15,000-க்காவது, அதாவது இரு பக்கமும் தலா 1,800 ரூபாய், பிஎஃப் கட்டியாக வேண்டும். 1,200 கட்டுவது தவறு. பிஎஃப் அதிகாரிகள் கணக்கைக் கேட்கும் நாளில் நிறுவனம் அதைத் திருத்தும். உங்கள் பங்கில் 600 கூடும். நிறுவனத்தின் பங்கில் கூடும் 600-ஐயும் ஸ்பெஷல் அலவன்ஸில் கழித்துவிட்டால், கையில் வருவது 35,919. ஒரே மாதத்தில் 1,200 ரூபாய் காணாமல் போகும்! வீட்டு வாடகை, வண்டி இஎம்ஐ எல்லாம் 37,119-ஐ நம்பிப் போட்டிருப்பீர்கள்.

ஆனால் நிறுவனம் தன் பங்கு கூடிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பணியில் இருப்பவரின் சம்பளத்தைக் குறைக்கக் கூடாது. 1952-ஆம் ஆண்டு பிஎஃப் சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதைத் தடுத்தது. 2025 நவம்பரில் அமலான புதிய சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை தொடர்கிறது. எனவே, உங்கள் 600-ஐப் பிடித்தால் ஒப்புக்கொள்ளுங்கள். அவர்களுடைய 600-ஐயும் உங்கள் தலையில் கட்டினால் எழுத்தில் காரணம் கேளுங்கள்.

தீர்ப்பு வந்ததும் சில நிறுவனங்கள் வேறு வழி பார்த்தன. எச்ஆர்ஏவைப் பிஎஃப் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே ஸ்பெஷல் அலவன்ஸைச் சுருக்கி எச்ஆர்ஏவை ஊதிப் பெருக்கினால் தப்பிக்கலாம் என்பது கணக்கு. அந்தக் கதவும் இப்போது அடைபட்டுவிட்டது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, எச்ஆர்ஏ உள்ளிட்ட விலக்குப் பெற்ற படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேல் போனால், மேலே போன பகுதி சம்பளமாகவே கணக்கிடப்படும். பேசிக்கை எவ்வளவு குறைத்து எழுதினாலும் பணிக்கொடைக்குக் குறைந்தது பாதி ஊதியம் அடிப்படையாகிவிடும். சிடிசியில் அந்த ஒதுக்கீட்டை உயர்த்தினால் நம் உதாரணக்காரருக்குக் கையில் இன்னும் சுமார் 400 ரூபாயாவது குறையலாம். பிஎஃப்பில் அந்தப் பயம் தேவையில்லை. 15,000 வரம்புக்கே பிஎஃப் பிடிக்கும் இடங்களில் புதிய சட்டத்தால் கைச்சம்பளம் குறையாது என்று தொழிலாளர் அமைச்சகம் விளக்கம் தந்திருக்கிறது.

“எச்ஆர்ஏ அதிகமா இருந்தா டாக்ஸ் மிச்சம்” என்று யாராவது சொன்னால் அதையும் நம்பிவிடாதீர்கள். நீங்களாகப் பழைய வரிமுறையைக் கேட்டு வாங்காதவரை உங்களுக்குப் புதிய வரிமுறைதான். அதில் எச்ஆர்ஏ விலக்கே கிடையாது. 2025-26 நிதியாண்டு முதல் வருடம் 12.75 லட்சம் வரை சம்பளம் மட்டும் வாங்குகிறவருக்குப் புதிய முறையில் வரியும் இல்லை. மாதம் 40,000-க்கு எச்ஆர்ஏ ஐந்தாயிரமானாலும் பதினைந்தாயிரமானாலும் வரியில் ஒரு ரூபாய் மாறாது.

அதிகச் சம்பளம் வாங்கிப் பழைய முறையில் இருப்பவர்கள், அண்ணனூர்வாசிகள் என்றால், ஒன்றைக் கவனியுங்கள். விலக்குக்கான வரம்புகளில் ஒன்று, வாடகை வீடு சென்னையில் இருந்தால் பேசிக்கில் 50 சதவீதம், வெளியே என்றால் 40 சதவீதம். ஆபீஸ் எங்கே இருக்கிறது என்பது கணக்கே இல்லை, வீடுதான் கணக்கு. அம்பத்தூர் பெருநகர சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அண்ணனூர் ஆவடி மாநகராட்சியைச் சேர்ந்தது. ஆகவே 40 என்று போடுவதே பாதுகாப்பு. சம்பள சாஃப்ட்வேரில் ‘மெட்ரோ’ என்று டிக் அடித்து 50 சதவீதம் கழித்திருந்தால், நோட்டீஸ் வரும் நாளில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், எச்.ஆர். அல்ல.

கையெழுத்துக்கு முன் மூன்றே கேள்விகளை மெயிலில் கேட்டு, மெயிலிலேயே பதில் வாங்குங்கள். பிஎஃப் எந்தத் தொகையின்மேல் பிடிக்கப்படும்? நிறுவனத்தின் பிஎஃப் பங்கும் பணிக்கொடையும் சிடிசிக்கு உள்ளேயா, வெளியேயா? எல்லாப் பிடித்தமும் போக முதல் மாதம் வங்கியில் விழும் தொகை எவ்வளவு? முதன்முதலாக வேலையில் சேருகிறவர்கள் நான்காவதாக ஒன்றும் கேட்க வேண்டும்: என்னைப் பிஎஃப்பில் சேர்க்கிறீர்களா? சேரும்போதே பிஎஃப் சம்பளம் 15,000-க்கு மேல் என்றால் சேர்க்காமல் விட சட்டம் இடம் தருகிறது.

வேலையில் சேர்ந்துவிட்டவர்கள் பே ஸ்லிப்பை மட்டும் நம்ப வேண்டாம். பிஎஃப் பாஸ்புக்கை உமங் செயலியில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு மாதமும் எந்தச் சம்பளத்துக்குப் பணம் கட்டினார்கள் என்று தனிப் பத்தியில் இருக்கும். உங்கள் பேசிக்கும் ஸ்பெஷல் அலவன்ஸும் சேர்ந்து 15,000-க்கு மேல் இருந்து, அங்கே அதைவிடக் குறைவான தொகை பதிவாகியிருந்தால் முதலில் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் epfigms.gov.in தளத்தில் புகார் பதியுங்கள், அல்லது பிஎஃப் அமைப்பின் அம்பத்தூர் மண்டல அலுவலகத்துக்குப் பே ஸ்லிப்போடு நேரில் போங்கள். பேசிக்கைச் சுருக்கி டேக் ஹோமைப் பெருக்கிக் காட்டும் கடிதம் எந்தக் கம்பெனியிலிருந்து வந்தாலும், மெயிலில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் கைக்கு வரும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.